ஓய்வூதியக் கணக்கில் நியமனப் பங்கீடு: குடும்பம் மாறும்போது மாற்ற வேண்டியவை

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கணக்குத் தொடங்குவோரில் பலர் நியமனதாரர் பகுதியைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடுகின்றனர். பெரும்பாலும் அது முதல் வேலையில் சேர்ந்த காலமாக இருக்கும். திருமணம் நடந்திராது, தாயின் பெயரையோ தந்தையின் பெயரையோ எழுதி, நூறு விழுக்காடு என்று குறித்துவிடுவார்கள். அதன்பின் கணக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெறும். மாதந்தோறும் சந்தா சேரும். முதலீட்டுப் பிரிவும் நிதி மேலாளரும்கூட மாறலாம். நியமனப் பகுதியை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஒருமுறை செய்த நியமனம், நாமே மாற்றும் வரை அப்படியே செல்லும் என்பதே இதற்குப் பின்னுள்ள நம்பிக்கை. வங்கி வைப்புக் கணக்குகளைப் பொறுத்தவரை அது சரி. ஓய்வூதியக் கணக்கில் அது சரியன்று. இங்கே குடும்ப வாழ்வின் ஒரு நிகழ்வு பழைய நியமனத்தைத் தானாகவே செல்லாததாக்கிவிடுகிறது. மற்றொன்று அதன் ஒரு பகுதியை வெறுமையாக்குகிறது. இன்னொன்றோ எதையும் மாற்றாமல் புதிய உறுப்பினரை வெளியே நிறுத்திவிடுகிறது. திருமணம், நியமனதாரரின் மறைவு, குழந்தைப் பிறப்பு என்னும் இம்மூன்றும் நியமனத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும், பங்குகளை எவ்வாறு பிரித்து எழுதுவது என்பதையும் இங்கே விளக்குகிறோம். அரசு ஊழியர்களுக்கு, சந்தாதாரர் இறந்தபின் தொகை வழங்கப்படும் முறை வேறாக இருப்பதால், தனியார் துறையினரும் பொதுமக்களும் சேரும் பிரிவுகளையே எடுத்துக்கொள்கிறோம். இப்பிரிவுகளில் சந்தாதாரர் இறந்தால், சேர்ந்துள்ள முழுத் தொகையும் நியமனதாரருக்கோ சட்டப்படியான வாரிசுகளுக்கோ வழங்கப்படும்.

யாரை நியமிக்கலாம்?

வைப்புக் கணக்கில் நண்பரையோ அண்டை வீட்டாரையோகூட நியமிக்க இயலும். ஓய்வூதியக் கணக்கில் அந்தச் சுதந்திரம் இல்லை. ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2015-இல் வெளியிட்ட விலகல் மற்றும் திரும்பப் பெறுதல் ஒழுங்குமுறைகள், குடும்பம் உள்ள சந்தாதாரர் தம் குடும்பத்தைச் சேர்ந்தவர்களை மட்டுமே நியமிக்க வேண்டும் என்கின்றன. குடும்பத்திற்கு வெளியே ஒருவரை எழுதினால், அந்த நியமனம் செல்லாது.

'குடும்பம்' என்ற சொல்லுக்கு இவ்விதிகள் தரும் பொருள் நம் வீட்டு வழக்கிலிருந்து வேறுபட்டது. ஆண் சந்தாதாரருக்கு அவருடைய சட்டப்படியான மனைவி, திருமணம் ஆன அல்லது ஆகாத பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவி மற்றும் பிள்ளைகள் ஆகியோர் குடும்பத்தினர். பெண் சந்தாதாரருக்குச் சட்டப்படியான கணவர், பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர், கணவரின் சார்ந்து வாழும் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவி மற்றும் பிள்ளைகள்.

இப்பட்டியலில் உடன்பிறந்தோர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருமணமாகாத ஒருவர், தம்மைச் சார்ந்து வாழும் தாயுடன் இருக்கும்போது, தங்கையின் பெயரில் ஒரு பங்கை எழுதினால் அது நிற்காது. தாய் இருப்பதாலேயே அவருக்குக் குடும்பம் உண்டு. உயிரோடிருக்கும் மகனின் மனைவியும் இப்பட்டியலில் இல்லை. பெற்றோரைப் பொறுத்தவரை 'சார்ந்து வாழும்' என்ற நிபந்தனை முக்கியமானது. தமக்கெனப் போதிய ஓய்வூதியமோ வருமானமோ உள்ள தந்தை இவ்வரையறைக்குள் வருவாரா என்பதை எழுதும் முன்பே எண்ணிப் பார்ப்பது நல்லது.

குடும்பம் என்று சொல்ல எவருமே இல்லாத சந்தாதாரர் யாரையும் நியமிக்கலாம். ஆனால் பின்னாளில் அவருக்குக் குடும்பம் அமையுமானால், அந்த நியமனம் அப்போதே செல்லாததாகிவிடும்.

மூன்று பெயர்கள், நூறு விழுக்காடு

ஒரு கணக்கில் அதிகபட்சம் மூவரை நியமிக்கலாம். அவர்களுக்குள் தொகையை எவ்வாறு பிரிப்பது என்பது முழுக்கச் சந்தாதாரரின் விருப்பம். சமமாகவே பிரிக்க வேண்டும் என்றோ, வாழ்க்கைத் துணைக்குப் பெரும்பங்கு தர வேண்டும் என்றோ விதி ஏதுமில்லை.

எனினும் எழுதும் முறையில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒவ்வொரு பங்கும் முழு எண்ணாக இருக்க வேண்டும். பின்னங்களும் தசமப் புள்ளிகளும் ஏற்கப்படா. எல்லாப் பங்குகளின் கூட்டுத்தொகை சரியாக 100 ஆக வேண்டும். மூவருக்குச் சமமாகத் தர விரும்புபவர் 33.33 என்று மூன்று முறை எழுத இயலாது. 34, 33, 33 என்றே எழுத வேண்டும். மூவருக்கும் 33 என்று எழுதினால் கூட்டுத்தொகை 99 ஆகிறது. அப்போது விடுபட்ட ஒரு விழுக்காடு மட்டும் நிராகரிக்கப்படுவதில்லை. நியமனம் முழுவதுமே நிராகரிக்கப்படுகிறது.

பங்கு என்பது விழுக்காடே தவிர, குறிப்பிட்ட ரூபாய்த் தொகை அன்று. இன்று 5 லட்சம் உள்ள கணக்கில் தாய்க்கு 20 விழுக்காடு என்றால் அது ஒரு லட்சம். அதே கணக்கு 40 லட்சமாக வளர்ந்தால், அதே 20 விழுக்காடு 8 லட்சமாகிறது. "அம்மாவுக்கு ஒரு லட்சம் இருந்தால் போதும்" என்ற எண்ணத்தில் எழுதிய பங்கு, பின்னாளில் அந்த எண்ணத்தைப் பிரதிபலிக்காமற்போகலாம்.

முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு ஆகிய இரு கணக்குகளும் வைத்திருப்போர், இரண்டிலும் உள்ள நியமனங்களைத் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். ஒன்றில் செய்த மாற்றம் மற்றதிலும் பதிவாகியிருக்கும் என்று எண்ணிவிடலாகாது.

திருமணம்: பழைய நியமனம் அற்றுப்போகும் நாள்

இனி ஓர் எடுத்துக்காட்டைத் தொடர்ந்து பார்ப்போம். புணேயில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவர் தமது 27-ஆம் வயதில் கணக்குத் தொடங்குகிறார். தாயும் தந்தையும் அவரைச் சார்ந்து வாழ்கின்றனர். தாய்க்கு 60, தந்தைக்கு 40 விழுக்காடு என நியமிக்கிறார். இது முற்றிலும் செல்லத்தக்க நியமனம்.

30-ஆம் வயதில் அவருக்குத் திருமணம் நடக்கிறது. அன்றே அந்த நியமனம் செல்லாததாகிவிடுகிறது. திருமணத்தின்போது சந்தாதாரர் புதிய நியமனம் செய்ய வேண்டும் என்றும், திருமணத்திற்கு முன் செய்த எந்த நியமனமும் செல்லாததாகக் கருதப்படும் என்றும் விதி கூறுகிறது. பழைய நியமனத்தில் இருப்பவர்கள் பெற்றோரே ஆயினும், அவர்கள் இன்றும் குடும்பத்தின் வரையறைக்குள் வருபவர்களே ஆயினும், இவ்விதி பொருந்தும். மனைவியை இழந்த ஒருவர் மறுமணம் செய்துகொள்ளும்போதும் நிலை இதுதான். மறுமணத்திற்கு முன் பிள்ளைகளின் பெயரில் எழுதியதை அவர் மீண்டும் எழுத வேண்டும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கும் நெடுங்காலமாக இதே வகை விதி உண்டு.

இதில் ஏமாற்றம் தரக்கூடியது என்னவென்றால், கணக்கு விவரத்தில் எந்த மாற்றமும் தென்படாது. திருமணம் நடந்தது பதிவேட்டுக்குத் தெரியாது. பழைய பெயர்களும் 60, 40 என்ற எண்களும் திரையில் முன்போலவே இருக்கும். அவை செல்லாதவை என்பது கோரிக்கை எழும் நாளில்தான் வெளிப்படும்.

நம் எடுத்துக்காட்டுச் சந்தாதாரர் நியமனத்தை மாற்றாமலே, கணக்கில் 6 லட்சம் ரூபாய் இருக்கும் நிலையில் இறந்துவிடுவதாகக் கொள்வோம். செல்லத்தக்க நியமனம் இல்லாததால், தொகை சட்டப்படியான வாரிசுகளுக்குச் செல்லும். வாரிசுகள் வருவாய்த் துறையின் வாரிசுச் சான்றிதழையோ நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழையோ கொண்டுவர வேண்டியிருக்கும். நீதிமன்றச் சான்றிதழுக்குக் காலமும் கட்டணமும் ஆகும். அவர் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் வருபவராகவும் உயில் எழுதாதவராகவும் இருந்தால், மனைவியும் தாயும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு 3 லட்சம் பெறுவர். தந்தை இரண்டாம் வகுப்பு வாரிசு. முதல் வகுப்பில் எவரேனும் இருக்கும்வரை அவருக்குப் பங்கில்லை. மகன் 40 விழுக்காடு எழுதிவைத்திருந்த தந்தைக்கு ஒன்றும் கிடைக்காது.

எனவே திருமணமான கையோடு செய்ய வேண்டியது புதிய நியமனம். நம் சந்தாதாரர் மனைவிக்கு 50, தாய்க்கு 30, தந்தைக்கு 20 என்று எழுதுகிறார். அனுமதிக்கப்பட்ட மூன்று இடங்களும் இத்துடன் நிறைந்துவிட்டன.

குழந்தைப் பிறப்பு: செல்லும், ஆனால் போதாது

33-ஆம் வயதில் மகள் பிறக்கிறாள். குழந்தை பிறப்பதால் நியமனம் செல்லாததாவதில்லை; 50, 30, 20 என்ற பங்கீடு அப்படியே தொடர்கிறது. ஆனால் அதில் மகளுக்கு இடமில்லை. மகளைச் சேர்க்க விரும்பினால், இருக்கும் மூவரில் ஒருவரை விலக்கித்தான் ஆக வேண்டும்.

மைனர் குழந்தையைத் தனியே நியமிப்பது எப்போது பயன்தரும் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். மைனரை நியமிக்கும்போது பிறந்த தேதியையும் காப்பாளரின் பெயரையும் தர வேண்டும். காப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்த, வயதுவந்த ஒருவராக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தக் காப்பாளர் குழந்தையின் தாயாகவே இருப்பார். அப்படியானால் தொகை இரு வழிகளிலும் அவர் மூலமாகவே வந்து சேரும். தாயின் பங்காக வந்தால் கோரிக்கை ஒன்று. குழந்தையின் பங்காகவும் வந்தால் குழந்தையின் பிறப்புச் சான்று, காப்பாளரின் ஆவணங்கள், மைனர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு ஆகியவையும் தேவைப்படும்.

ஆயினும் தனியே எழுதுவதில் ஒரு நன்மை உண்டு. குழந்தையின் பங்கு குழந்தையின் பெயரிலேயே நிற்கிறது. வேறு செலவுகளுடன் கலப்பதில்லை. மேலும், ஒரே விபத்தில் பெற்றோர் இருவரும் இறக்கும் துயரம் நேர்ந்தால், மனைவியின் பங்கு பெறுவாரின்றி நிற்கும்போது, குழந்தையின் பங்கு நியமனத்தின் வழியே வந்து சேரும். அந்தச் சூழலை மனத்தில் கொண்டு நியமிப்பவர், தாத்தா, பாட்டி போன்ற வேறொருவரைக் காப்பாளராக எழுதுவது பற்றியும் மனைவியுடன் கலந்து முடிவு செய்யலாம்.

நம் சந்தாதாரர் பெற்றோர் இருவரின் பெயரையும் விலக்க விரும்பவில்லை. மகளுக்கான செலவை மனைவியே ஏற்கப்போவதால், மனைவியின் பங்கை உயர்த்தி 60, 20, 20 என்று திருத்தி எழுதுகிறார். குறையற்ற முடிவு இது. ஆனால் பெயர்ப் பட்டியலில் மகள் இன்னும் இல்லை என்பதை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நியமனதாரர் இறந்தால் அவருடைய பங்கு எங்கே போகும்?

36-ஆம் வயதில் அவருடைய தந்தை காலமாகிறார். தந்தையின் 20 விழுக்காடு மனைவிக்கும் தாய்க்கும் தாமாகப் பிரிந்து சேரும் என்று பலர் நினைப்பதுண்டு. விதி அவ்வாறு கூறவில்லை. சந்தாதாரருக்கு முன் நியமனதாரர் இறந்தால், அவருடைய உரிமை சந்தாதாரருக்கே திரும்புகிறது. அந்தப் பங்குக்கு அவர் புதிய நியமனம் செய்துகொள்ளலாம். செய்யாதவரை அந்தப் பங்கு நியமனமற்ற பங்கு.

கணக்கில் அப்போது 15 லட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். தந்தையின் பங்கைத் திருத்தாமலே சந்தாதாரர் இறந்தால், மனைவி 9 லட்சமும் தாய் 3 லட்சமும் நியமனத்தின்படி கோரலாம். எஞ்சிய 3 லட்சத்துக்கு வாரிசுச் சான்று தேவை. மேலே சொன்ன இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவி, தாய், மகள் மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு லட்சம். ஒரு லட்சத்துக்காக ஒவ்வொருவரும் அலுவலகப் படிகள் ஏற வேண்டியிருக்கும். அவர்களில் ஒருவர் மூன்று வயதுக் குழந்தை.

தந்தையின் மறைவுக்குப்பின் ஓர் இடம் காலியாகிவிட்டதால், மகளைச் சேர்க்க இப்போது வழி பிறந்துள்ளது. மனைவிக்கு 50, தாய்க்கு 20, மகளுக்கு 30 என எழுதி, மகளின் காப்பாளராக மனைவியைக் குறிப்பிடுகிறார்.

நான்காவது பெயர்

38-ஆம் வயதில் மகன் பிறக்கிறான். மனைவி, தாய், மகள், மகன் என நால்வர், இடமோ மூன்றுதான். இந்நிலையில் ஓய்வூதியக் கணக்கை மட்டும் தனியே பார்ப்பதை விட்டு, குடும்பத்தின் எல்லாக் கணக்குகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வங்கிச் சட்டங்கள் திருத்தச் சட்டம் 2025-இன்படி, 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக் கணக்கில் நால்வரை நியமிக்கலாம். அவர்களுக்கு ஒரே நேரத்தில் பெறும் வகையில் விழுக்காடு பிரித்தும் எழுதலாம். ஒருவர் இல்லையேல் அடுத்தவர் என்று வரிசையாகவும் எழுதலாம். பொது வருங்கால வைப்பு நிதியிலும் நால்வர் வரை இடமுண்டு. ஓய்வூதியக் கணக்கிலோ மூவர்தான். வரிசை முறையும் இல்லை. இந்த வேறுபாட்டை அறியாமல், வைப்புக் கணக்கில் எழுதிய அதே நான்கு பெயர்களை இங்கும் எழுத முற்படுவோர் உண்டு.

நம் சந்தாதாரரிடம் தாய்க்கெனக் கருதிய பங்குக்கு ஏறத்தாழ ஈடான தொகையில் ஒரு நிரந்தர வைப்பு இருக்கிறது. அதன் நியமனதாரராகத் தாயை எழுதுகிறார். ஓய்வூதியக் கணக்கில் மனைவிக்கு 50, மகளுக்கு 25, மகனுக்கு 25 என மாற்றுகிறார். இப்போது நால்வரில் எவரும் விடுபடவில்லை. மூன்று என்ற வரம்பும் மீறப்படவில்லை. ஓய்வூதியக் கணக்கு வளர்ந்துகொண்டே போகும். வைப்போ அதே விகிதத்தில் வளராது. எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்குத் தேவையாகும்.

பிள்ளைகளின் திருமணம்

நியமனத்தை அற்றுப்போகச் செய்வது சந்தாதாரரின் திருமணம் மட்டுமே. மகளுக்கோ மகனுக்கோ திருமணம் நடந்தால் நியமனம் மாறுவதில்லை. மணமான பிள்ளைகளும் குடும்பத்தின் வரையறைக்குள்ளேயே இருக்கின்றனர். மகள் மணமாகிச் சென்றதும் அவள் பங்கு நின்றுவிடும் என்று கருதி, அவசரமாகப் பெயரை நீக்கத் தேவையில்லை.

ஆனால் திருமணத்துக்குப்பின் மகள் தம் பெயரையோ குடும்பப் பெயரையோ மாற்றிக்கொண்டிருந்தால், நியமனத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்தாமற்போகும். கோரிக்கையின்போது இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். பெயர் மாறிய உடனே நியமனப் பதிவையும் திருத்திவிட்டால் அந்தச் சிக்கல் எழாது. மைனராக எழுதப்பட்ட பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், காப்பாளர் பெயரை நீக்கிப் பதிவைப் புதுப்பிப்பதும் இதே காரணத்துக்காகவே.

பெறுபவரும் உரியவரும்

நியமனத்தில் எழுதப்பட்டவருக்கே பணம் முழுதும் சொந்தம் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்குகிறது. வங்கி ஊழியர் ஒருவர் திருமணத்துக்கு முன் தம் தாயை நியமித்திருந்தார். திருமணத்துக்குப்பின் அதை மாற்றாமலே இறந்தார். வருங்கால வைப்பு நிதி உள்ளிட்ட தொகைகள் தாய்க்கு உரியவையா, மனைவிக்கும் பங்குண்டா என்பது கேள்வி. நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அது வாரிசுரிமைச் சட்டப்படி வாரிசுகளுக்கு உரியது என்று நீதிமன்றம் கூறியது. மனைவிக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் அதற்கு அவர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது.

ஆகவே பங்கீட்டை எழுதும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் யார் கைக்கு விரைவாகச் சேர வேண்டும் என்பதற்கு நியமனம் விடை. பணம் இறுதியில் யாருக்கு உரியது என்பதற்கு உயில் விடை. உயில் இல்லையேல் வாரிசுரிமைச் சட்டம். நம் சந்தாதாரர் தாயின் பெயரை ஓய்வூதியக் கணக்கிலிருந்து நீக்கினாலும், உயில் இல்லாதபோது முதல் வகுப்பு வாரிசு என்ற முறையில் தாயின் உரிமை முற்றாக நீங்கிவிடாது. வைப்புத் தொகை தாய்க்கு, ஓய்வூதியத் தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்பதே அவர் விருப்பமானால், அதே பங்கீட்டைச் சுருக்கமான ஓர் உயிலிலும் எழுதுவது சிறந்தது. நியமனமும் உயிலும் ஒன்றையே சொல்லும்போது குடும்பத்தில் வழக்குக்கு இடம் குறைவு.

மாற்றும் முறை

நியமனத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நிரந்தர ஓய்வூதியக் கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் கொண்டு, உங்கள் கணக்கைப் பராமரிக்கும் மத்தியப் பதிவேட்டு முகமையின் இணையதளத்தில் நுழையலாம். புரோட்டீன் முகமையின் தளத்தில் Demographic Changes என்ற தலைப்பின்கீழ் Update Personal Details என்பதைத் தேர்ந்து, நியமன விவரங்களுக்குச் செல்ல வேண்டும். அடுக்கைத் தேர்ந்தெடுத்து, பெயர், உறவு, பிறந்த தேதி, பங்கு விழுக்காடு ஆகியவற்றை நிரப்பியபின், செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லால் உறுதி செய்து, ஆதார் வழியாக மின்கையொப்பம் இட வேண்டும். ஆதாருடன் இணைந்த செல்பேசி எண் கையில் இருப்பது அவசியம். மின்கையொப்பம் இடாமல் பாதியில் விட்டால் மாற்றம் பதிவாகாது.

இணைய வழியை விரும்பாதோர், கணக்குத் தொடங்கிய வங்கிக் கிளையில் சந்தாதாரர் விவர மாற்றத்துக்கான எஸ்-2 படிவத்தை நிரப்பித் தரலாம். ஒருவரின் பங்கை மட்டும் மாற்றுவதாக இருந்தாலும், எல்லா நியமனதாரர்களின் பெயரையும் பங்கையும் முழுமையாக எழுதி, கூட்டுத்தொகை 100 வருகிறதா என்று பார்த்தபின் கையொப்பமிடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நியமனமும் அதன் மாற்றமும் பதிவேட்டு முகமைக்குக் கிடைத்த நாளிலிருந்தே நடைமுறைக்கு வருகின்றன. நாம் கையொப்பமிட்ட நாளிலிருந்து அல்ல. நிரப்பி மேசை இழுப்பறையில் வைத்த படிவத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. மாற்றம் பதிவானதா என்பதை அறிய, சில நாட்கள் கழித்துப் பரிவர்த்தனை அறிக்கையைப் பதிவிறக்கிப் பாருங்கள். நியமனதாரர்களின் பெயரும் விழுக்காடும் அதில் அச்சாகியிருக்கும். பழைய பெயர்களே இருந்தால், ஒப்புகை எண்ணுடன் கிளையை அணுகுங்கள்.

அந்த அறிக்கையைக் கையில் எடுக்கும்போது, உங்கள் திருமணத் தேதியையும் கடைசியாக நியமனம் செய்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருமணம் பிந்தியதாக இருந்தால், திரையில் தெரியும் பெயர்கள் எவையாயினும், உங்கள் கணக்கில் இப்போது செல்லத்தக்க நியமனம் இல்லை என்றே பொருள். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு நியமனதாரரும் இன்று உயிருடன் உள்ளனரா, அவர்கள் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, பட்டியலில் விடுபட்ட குழந்தை யாரேனும் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.